பின்படிக் கதவுக்கு ஒரு கேள்வி

என் வேலை என்னவென்று சொன்னால் சொந்தக்காரர்கள் யாருக்கும் விளங்காது. மென்பொருளோடு வரும் உதவிப் பக்கங்களை எழுதுகிறேன். ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் என்ன செய்வது?’ என்று நானே கேட்டு, நானே பதில் சொல்கிற பிழைப்பு. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் நான் மாடி அறையில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார ஆன்ட்டிக்கு மட்டும் அது சட்டென்று புரிந்தது. புரிந்த கையோடு எனக்கு வேலையும் வைத்துவிட்டார்.

“நம்ம ஹவுஸ் ரூல்ஸை அந்த மாதிரி கேள்வி பதிலா பண்ணிக் குடும்மா. ஒருத்தரும் படிக்கிறதில்ல. குப்பை என்னைக்கு எடுப்பாங்கன்னு எனக்கு போன் பண்ணிக் கேக்குறாங்க.”

எப்படிப் படிப்பார்கள்? மாடி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அந்தத் தாளில் எல்லாம் ஒரே பத்தி. மூச்சு விட இடமில்லை. குப்பைத் தொட்டியை முந்தின நாள் மாலையே வெளியே வை, தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போடு, ஸ்மோக் அலாரம் கத்தினால் பேட்டரியைப் பிடுங்காதே, பனி பெய்தால் காரைத் தெருவில் விடாதே, ஹீட்டரை இஷ்டத்துக்கு ஏற்றாதே என்று ஓடிக்கொண்டே போய், கடைசியில் இப்படி முடிந்தது: ‘பின்படிக் கதவின் கைப்பிடியை யாராவது திருகினால் திறக்கக்கூடாது, பேசக்கூடாது, ஜன்னல் வழியாகப் பார்க்கவும் கூடாது.’

குடிவந்த முதல் வாரம் அதைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் ஒரு மத்தியானம் கைப்பிடி திரும்பியது.

மாடியில் வாடகைக்கு இருந்த மற்ற இரண்டு பேரும் ஆபீஸ் போய்விடுவார்கள். பகல் முழுக்க நான் மட்டும்தான். சமையலறையை ஒட்டிய அந்தக் கதவுக்கு வெளியே மரப்படி, கொல்லைப்புறம் வரை இறங்கும். அதற்கப்புறம் அடிக்கடி யாரோ ஏறி வருவது கேட்கும், மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. கைப்பிடி இப்படியும் அப்படியும் திரும்பும். பிறகு ஒன்றும் இருக்காது. இறங்கிப் போகிற சத்தமும் கேட்காது. அதுதான் என்னைக் கொன்றது. வந்தது போயிற்றா, அங்கேயே நிற்கிறதா? பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எரிந்து விழுகிற ஆள் நான். ஆனாலும் அந்தச் சமையலறையில் டீ போடுவதையே விட்டேன்.

கேள்வி பதில் எழுதுவதில் ஒரு கணக்கு உண்டு. குடியிருப்பவர் மனதில் எழுகிற மாதிரியே கேள்வி இருக்க வேண்டும். ‘குப்பை விதிகள்’ என்று தலைப்புப் போட்டால் யாரும் சீந்தமாட்டார்கள். ‘குப்பையை எப்போது வெளியே வைக்க வேண்டும்?’ என்றால் படிப்பார்கள். ஒரு கேள்விக்குள் ஒரே விஷயம். பதிலின் முதல் வரியிலேயே விடை. ‘கூடாது’ என்று சொன்னால் மட்டும் போதாது, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். அலாரம் கத்தினால் பேட்டரியைப் பிடுங்காதே, சரி. பின்னே? அடுப்பை அணை, ஜன்னலைத் திற, நிஜமாகவே தீ என்றால் வெளியே ஓடு, அவசர உதவிக்கு 911 கூப்பிடு. பத்தியை உடைக்க உடைக்க விதிகள் மளமளவென்று கேள்விகளாயின. கடைசி வரி மட்டும் மசியவில்லை. கேள்வியை எழுதிவிட்டேன். பதில்தான் வரவில்லை.

கீழே போய்க் கேட்டேன். ஆன்ட்டி கதவை ஒருக்களித்துத்தான் திறந்தார். எப்போதும் அப்படித்தான். அங்கிளுக்கு முதுகுவலி, படுத்த படுக்கை என்று சொல்லியிருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“ஆன்ட்டி, பின்கதவுல யார் வருவாங்க?”

“யாரும் வரமாட்டாங்க.”

“யாருமே வராத கதவுக்கு எதுக்கு ரூல்?”

“அதை மட்டும் அப்படியே போட்டுடும்மா. நோண்டாதே.”

“அப்படியே போட்டா படிக்கிறவங்களுக்கு பயமா இருக்காதா?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “பயந்தா நல்லது. திறக்கமாட்டாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாடகையும் வாங்கிக்கொண்டு, ஓசியில் வேலையும் வாங்கிக்கொண்டு, முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவதா?

மறுநாள் காலையிலிருந்தே பனி கொட்டியது. மத்தியானம் ஆன்ட்டியின் கார் கிளம்பிப் போனதைப் பார்த்தேன். அன்றைக்கு வீம்புக்கென்றே சமையலறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனி விழும்போது வெளியே ஒரு சத்தமும் இருக்காது, காதை அடைத்த மாதிரி இருக்கும். அந்த நிசப்தத்தில் மரப்படி முனகியது.

கைப்பிடி திரும்பியது. நான் அசையவில்லை. திரையில் நான் தட்டி வைத்திருந்த கேள்வி அப்படியே இருந்தது: ‘பின்கதவின் கைப்பிடியை யாராவது திருகினால் நான் என்ன செய்ய வேண்டும்?’ கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, முதன்முதலாக, குரல். தமிழ்க் குரல், ரொம்ப மரியாதையான குரல்.

“தொந்தரவு பண்றேன்... இங்க யார் குடியிருக்கா?”

நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்த்தினேன்.

“இந்தச் சாவி ஏன் போக மாட்டேங்குது? இது எங்க வீடுதானே?”

பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். பேய்க்குக் குளிருமா? அம்மாடி, அந்த நினைப்பு வந்ததும்தான் எழுந்து கதவுக்கு ஓடினேன். கதவைத் திறந்தால், மெல்லிய பனியன், வேட்டி, வெறுங்காலோடு ஒரு பெரியவர். கையில் சாவி அல்ல, ஒரு டீஸ்பூன். தலையில் பனி படிந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே இழுத்து உட்கார வைத்து, என் கம்பளியைச் சுற்றி, ஆன்ட்டிக்கு போன் போட்டேன். பெரியவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அலமாரியை யார் மாத்தினா?” என்று என்னிடம் கேட்டார்.

மாத்திரை வாங்கப் போயிருந்த ஆன்ட்டி ஓடி வந்தார், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கணவரின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுதார். கீழே பூட்டு மாற்றியும் எப்படியோ திறந்துவிடுகிறாராம். வீடு வாங்கிய புதிதில் அவர்கள் மாடியில்தான் இருந்தார்களாம். அங்கிளுக்கு இன்னும் அதுதான் வீடு.

“அப்ப ஏன் ஆன்ட்டி சொல்லல? நான் திறக்காம இருந்திருந்தா?” கத்தியே விட்டேன்.

“முன்ன இருந்த பொண்ணு ஜன்னல்ல அவரைப் பார்த்து அலறி போலீஸைக் கூப்பிட்டுட்டாம்மா. கையைத் தூக்கச் சொல்லி நிக்க வெச்சாங்க. அவருக்கு ஒண்ணுமே புரியல. மறுபடி அப்படி ஆகக்கூடாதுன்னுதான். கூப்பிட்டு யாரும் வரலன்னா, அவரே இறங்கி வந்துடுவார்னு நினைச்சேன்.”

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

அங்கிள் கம்பளிக்குள் கண் அசந்ததும் ஆன்ட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். அந்தக் கேள்வியைப் படித்தார்.

“எழுதும்மா. கதவைத் திறந்துடுங்க. அவர் என் ஹஸ்பெண்ட், மறதி நோய், யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டார். உக்கார வெச்சு எனக்கு போன் பண்ணுங்க. 911 கூப்பிட வேண்டிய நிலைமைன்னா இதையெல்லாம் அவங்ககிட்டயும் சொல்லுங்க.”

லேப்டாப்பை இழுத்து எழுதினேன். “இது என் வீடான்னு கேட்டா?”

“ஆமான்னு சொல்லட்டும்.”

“என் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா?”

பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆன்ட்டியின் கை நின்றுவிட்டது.

“கடைக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொல்லட்டும்” என்றார். “நான் பக்கத்துல இருந்தாலும் இதோ இவங்கதான்னு மட்டும் காட்ட வேண்டாம்னு போடு. என்னை அடையாளம் தெரியல, பயந்துக்கறார்.”