மூச்சு வாங்கிய இடம்

வாக்கியங்களை உடைப்பதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. பிற மொழிகளில் பேசுகிறவர்களின் பேச்சைத் தமிழாக்கித் திரையின் அடியில் ஓடும் எழுத்தாக அமைத்துத் தருகிறேன். மொழிபெயர்ப்பதைவிட உடைப்பதுதான் என்னை அதிகம் களைப்படையச் செய்யும். ஒரு திரைக்கு இரண்டு வரிகள். அவை கண் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். தமிழிலோ கடைசிச் சொல் வரும்வரை பேசுகிறவர் ஆம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்பதே தெரியாது. 'அழுது' ஒரு திரையிலும் 'கொண்டிருந்தாள்' அடுத்ததிலும் நின்றால் படிப்பவர் இரண்டையும் இழப்பார். சேர்ந்து நிற்க வேண்டியவற்றைச் சேர்த்து நிறுத்தி முடிப்பதற்குள் மாலையில் கண்கள் மணல் விழுந்தாற்போல் உறுத்தும்.

ஒரு முறை, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பனியன் கம்பெனியிலிருந்து வேலை வந்தது. பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம் அது. முதலாளியின் மருமகள், வேலைக்கு வரும் தாய்மார்களுக்காகப் பின்கட்டில் ஒரு குழந்தைகள் காப்பகம் தொடங்கியிருந்தாள். இப்போது அந்த இடத்தில், தைத்த பனியன்களில் பிழை பார்ப்பதற்கான புதிய செக்கிங் மேசைகளைப் போட வேண்டும் என்றார் மாமனார். காப்பகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் வாதாடிக் களைத்தவள், தாய்மார்களையே பேசவைத்து ஒரு சிறு படம் எடுத்தாள்.

அதில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இந்தியில் பேசினாள். செக்கிங் பிரிவில் வேலை. இரண்டு வயது மகள். காப்பகம் மூடப்பட்டால் குழந்தையை ஊரில் மாமியாரிடம் விட வேண்டும், இல்லையேல் வேலையை விட வேண்டும். அவளுக்கு எதிராக ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. வடக்கத்திப் பெண்களுக்கே அந்த இடம் பிடிக்கவில்லை, குழந்தையை விடப் பயமாக இருக்கிறது என்று அவளே சொன்னாள் என யாரோ முதலாளியின் காதில் போட்டிருந்தார்கள். அதை மறுக்கத்தான் அவள் காமிராவின் முன் உட்கார்ந்தாள்.

நேரில் காணும் முன்பே அவள் குரல் எனக்குப் பழகிவிட்டது. நான் இரண்டு வரிகளாக இப்படி அமைத்துக் கொடுத்திருந்தேன்:

மகளை இங்கே விடப் பயமாக இருக்கிறது
என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டும் ஒரே திரையில். அப்படி நின்றால்தான் அது மறுப்பு.

முதலாளிக்குப் படத்தைப் போட்டுக் காட்டிய பிற்பகல், மருமகள் அழைத்ததால் நானும் அலுவலக அறையில் இருந்தேன். படத்தைத் தொகுத்த, சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கும் எடிட்டர் தன் மடிக்கணினியைச் சுவரிலிருந்த டிவியில் பொருத்தினார். முதலாளிக்கு இந்தி தெரியாது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தையே படித்தார். நடுநடுவே அவருடைய கைப்பேசி அதிர்ந்தது.

ஒடிசாப் பெண்ணின் முகம் வந்தது. கீழே, நான் வைத்ததைவிடப் பெரிய எழுத்தில், தனியாக நின்றது: 'மகளை இங்கே விடப் பயமாக இருக்கிறது.' திரையில் அவள் எச்சில் விழுங்கினாள். முதலாளி கைப்பேசியை எடுத்தபடியே எழுந்தார்.

"பாத்தியா அம்மிணி? அந்தப் புள்ளையே சொல்லுது, பயமா இருக்குதுன்னு."

"மாமா, அடுத்ததையும் படிங்க மாமா. இன்னும் முடியலீங்க!"

"அதான் படிச்சனே. இதுக்கு மேல என்னத்தப் படிக்கறது?" கைப்பேசியைக் காதில் வைத்தார். "ஆமாங்க, நாந்தானுங்க. டேப்பு கொண்டாந்துட்டீங்களா? இதா வந்தர்றேன்." மேசைகளுக்கு அளவெடுக்க வந்தவரோடு அவர் பின்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால் திரையில் மீதிப் பாதி வந்தது: 'என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.' அதைப் படிக்க வேண்டியவர் அங்கே இல்லை.

நான் எடிட்டரைப் பார்த்தேன். அவர் முகம் சுண்டியிருந்தது.

"ஐயாவுக்குக் கண்ணு தெரியோணுமேன்னு எழுத்தப் பெருசு பண்ணுனனுங்க்கா. வரி திரைக்கு வெளிய போயிருச்சு. அதான் ரெண்டாப் பிரிச்சேன். அந்தம்மாவே அங்கதானுங்களே மூச்சு வாங்குது?"

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பேச்சைக் காதால் மட்டுமே வெட்டுகிறவர்கள் எல்லோரும் மூச்சு வாங்கும் இடத்தில்தான் வெட்டுவார்கள். ஆனால் அந்தப் பெண் அங்கே நிறுத்தியது சொல்லி முடித்ததால் அல்ல. தன் மேல் சுமத்தப்பட்ட சொற்களைத் தன் வாயாலேயே சொல்ல நேர்ந்த கசப்பில் நிறுத்தினாள்.

"தப்பு என் மேலன்னா சொல்லிருங்க, இன்னைக்கே ஸ்டூடியோவச் சாத்திப்போடறேன்" என்றார் எடிட்டர்.

"சாத்தறது அப்புறம். நாற்காலிய இங்க நகர்த்துங்க" என்றேன்.

பெரிய எழுத்தில் என் பழைய வரிகள் திரையில் அடங்கா. எழுத்தைச் சிறிதாக்கினால் முதலாளியால் படிக்க முடியாது. எனவே வாக்கியத்தையே குறுக்க வேண்டியிருந்தது. மகளை எங்கே விடுகிறாள் என்பதை முந்தைய திரையே சொல்லிவிட்டது. அதை மறுபடி சொல்லத் தேவையில்லை. 'பயம் என்று நான்' மேலே, 'சொன்னதே இல்லை' கீழே. அவள் பேசத் தொடங்கும்போது வரும் அந்த இரண்டு வரிகளை, அவள் மூச்சு வாங்கும் மௌனத்தின் மேலும் கலையாமல் நிற்கவிட்டு, பேசி முடித்ததும் மறையும்படி வைத்தோம். பிறகு படம் முழுவதையும் தேடினோம். அறுந்து நின்ற வேறு சில திரைகளும் இருந்தன, ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். தலை வலித்தது. மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் பின்னால் நின்று ஒவ்வொரு திரையையும் படித்தாள்.

முடிந்ததும் மடிக்கணினியை மூடாமலேயே பின்கட்டுக்குத் தூக்கிப் போனாள். நாங்கள் தொடர்ந்தோம். வழியில், தையல் பிரிவின் கதவருகே, முதலாளி சூப்பர்வைசரோடு நின்றிருந்தார். ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. படத்தின் ஒலி சுத்தமாக எடுபடவில்லை. மருமகள் அந்தப் பெண் பேசும் இடத்தை ஓடவிட்டு, திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் எரிச்சலோடு குனிந்தார். அந்தப் பெண்ணின் முகமும் இரண்டு வரிகளும் மட்டுமே அவரிடம் பேசின.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மருமகளின் காதருகே கத்தினார்.

"அப்ப அந்தப் புள்ள அப்பிடிச் சொல்லவே இல்லியா?"

"சொல்லவே இல்லீங்க மாமா!"

"மறுக்காப் போடு."

மறுபடி போட்டாள். இந்த முறை கடைசிவரை பார்த்தார். பின்கட்டுக்குப் போய், அளவுநாடாவை விரித்துப் பிடித்திருந்தவரிடம், "இத உட்ருங்க. அந்தண்ட வேஸ்ட் மூட்ட அடுக்கிக் கெடக்குதுல்ல, அதக் காலி பண்ணிக்கலாம். அங்க அளங்க" என்றார். நாடா சரசரவென்று உள்ளே சுருண்டது. மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். வென்றவளைப் போலத் தெரியவில்லை, நெடுநேரம் நின்றே வந்தவளைப் போல இருந்தாள். மேசைகளுக்கு வேறு இடம் கிடைத்திருந்தது. அடுத்த பெரிய ஆர்டர் வந்தால் என்னவாகுமோ, அது எங்கள் யாருக்கும் தெரியாது.

தேநீர் மணி அடித்தது. அந்த ஒடிசாப் பெண் பஞ்சுத் துகள் ஒட்டிய துப்பட்டாவோடு காப்பகத்துக்கு ஓடி வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவளிடம் மருமகள் என்னைக் காட்டி, உன் பேச்சைத் தமிழில் எழுதியவர் என்றாள். அவள் என்னைக் கொஞ்சம் கூச்சத்தோடு பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"அக்கா, நான் சரியா பேசினேன்?"

இந்தியில் பதில் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் அவள் தமிழில் கேட்டதால் தமிழிலேயே சொன்னேன்.

"சரியாப் பேசுனீங்கம்மா."

அவள் சிரித்துவிட்டு, பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தைக்கு ஊட்டத் தொடங்கினாள். மணி மறுபடி அடிக்கும்வரைதான் அவளுக்கு நேரம். நான் கண்களைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மேசையில் வேறொருவரின் வாக்கியங்கள் உடைக்கப்படக் காத்திருந்தன.