சாய்ந்த கல்யாணக் கோடு

கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு, திருப்பதியில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில் ரீசனிங் பாடம் எடுத்தேன். சித்தூரில் வீடு. தினமும் பஸ். மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'படம் போடு'. ரத்த உறவுக் கணக்கு வந்தால் நான் முதலில் சொல்வது அதுதான். ஆணுக்குப் பிளஸ், பெண்ணுக்கு மைனஸ். கணவன் மனைவிக்கு இடையே இரட்டைக் கோடு, கூடப்பிறந்தவர்களுக்கு ஒற்றைக் கோடு, பெற்றோருக்குக் கீழே பிள்ளை. ஆணா பெண்ணா என்று கேள்வியில் சொல்லாவிட்டால் கேள்விக்குறி. படம் முடியும்வரை ஆப்ஷன் பக்கம் கண்ணே போகக் கூடாது. "ஆப்ஷனை முதல்ல பார்க்கிறவன், பொண்ணைப் பார்க்காம மண்டபம் புக் பண்றவன்" என்பேன். வருடா வருடம் அதே நகைச்சுவை. வருடா வருடம் அதே சிரிப்பு.

இவ்வளவு சொன்ன நான், ஒரு முறை படம் போடாமல் கேள்வி தயாரித்தேன். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

மையத்தில் கடைசி நாற்பது நாளுக்குச் சிறப்பு வகுப்பு உண்டு. மாதிரித் தேர்வில் முதல் முப்பது இடம் பிடிப்பவர்களுக்கு மட்டும். அந்த வருடம் நகரியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வீட்டில் பவர்லூம். காதடைக்கும் சத்தத்தில் படித்துப் பழகியதால், பேசும்போது நாலு பெஞ்சுக்குக் கேட்கும். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இந்த முறை போனால் வங்கி வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவளே சத்தமாகச் சொல்லியிருந்தாள்.

மாதிரித் தேர்வுக்கு நான் கொடுத்த கேள்வி இது: ஏ, பி-யின் தாய். சி, ஏ-யின் சகோதரன். பி, சி-யின் மனைவி. டி, பி-யின் மகன். ஏ-க்கு டி என்ன உறவு? முதல் ஆப்ஷன் கிராண்ட்சன், இரண்டாவது நெஃப்யூ, மற்ற இரண்டும் ஒப்புக்கு. பஸ்ஸில் வரும்போது ஐந்து நிமிடத்தில் எழுதியது. விடை கிராண்ட்சன்.

பெரும்பாலானவர்கள் அதையே குறித்தார்கள். ஏ-யின் மகள் பி, பி-யின் மகன் டி, ஆகவே பேரன். படம் போடத் தேவையே இல்லை. நகரிப் பெண் படம் போட்டாள். நெஃப்யூ என்று குறித்தாள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் முப்பத்தொன்றாவது இடத்துக்குப் போனாள்.

பட்டியல் ஒட்டிய அன்று, வகுப்பு நடுவே ரஃப் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், உங்க கேள்விக்கு ரெண்டு ஆன்சர் வருது."

வாங்கிப் பார்த்தேன். ஏ-யும் சி-யும் ஒரே வரிசையில். ஏ-க்குக் கீழே பி. சி-யிலிருந்து பி-க்கு இரட்டைக் கோடு ஒரு தலைமுறை இறங்கிச் சாய்வாக வந்திருந்தது.

"என்னம்மா, கல்யாணக் கோடு சாஞ்சுக்கினு வருது? சீமை ஓட்டுக் கூரையா?"

வகுப்பு சிரித்தது.

"நீங்க குடுத்த கேள்வி சாயுது சார், நான் என்னா பண்றது? சி-யோட பொண்டாட்டி அவரு அக்கா பொண்ணு. அம்மா வழில பார்த்தா டி பேரன். நைனா வழில பார்த்தா தம்பி மவன், நெஃப்யூ. சி-யைச் சும்மாவா குடுத்திருப்பாரு சார்னு நெனச்சு நெஃப்யூ போட்டேன்."

அவள் பேசி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இதை ஒளிக்க விரும்பவில்லை. புரிந்த பிறகுதான் சொன்னேன்: "உங்க ஊர்ப் பழக்கத்தையெல்லாம் எக்ஸாம்ல கொண்டாராதே. போய் உட்காரு."

மறுபடி சிரிப்பு. அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை.

அந்தப் பழக்கம் அவள் ஊரில் மட்டும் இருப்பதா? நான் கட்டியிருப்பது என் சொந்த அக்கா மகளை. அந்தக் கேள்வியில் இருக்கும் சி நான்தான். பஸ்ஸில் ஏதோ ஒரு குடும்பத்தை யோசித்தபோது என் குடும்பமே கைக்கு வந்தது. என் மகன் என் அக்காவை, அம்மாவைப் பெற்றவள் என்பதால், ஆயா என்றே கூப்பிட்டு வளர்ந்தான். அத்தை என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அதனால் அவன் அவளுக்குத் தம்பி மகனும்கூட என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. கையால் வரைந்திருந்தால் அரை நிமிடத்தில் எட்டியிருக்கும்.

இதை வகுப்பில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'படம் போடு' படம் போடவில்லை என்று தெரிந்தால் என்ன ஆவது? இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளினேன். சிறப்பு வகுப்பு தொடங்கிவிட்டது. வருகைப் பதிவில் அவள் பெயர் இல்லை. பன்னிரண்டு நாள் போனது.

பன்னிரண்டாம் நாள் என் மனைவி, காய் நறுக்கக் கீழே விரிக்க என் பையிலிருந்து வினாத்தாளை எடுத்தாள். கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுப் படித்தாள்.

"மாமா, இது நம்ம ஊடுதானே? பி நானு."

"ஆமா."

"டி நம்ம பையன். அப்ப ரெண்டு ஆன்சரும் கரெக்டுதானே? இதைக் கண்டுபிடிக்க உனக்கு எம்.எஸ்ஸி. வேணுமா?"

நகரிப் பெண்ணின் கதையைச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு ரைட்டுன்னு தெரிஞ்சும் உக்கார வச்சியா? நான் பி-ன்னு சொல்ல அவ்ளோ வெட்கமா உனக்கு?"

மறுநாள் காலை மைய நிர்வாகியிடம் போய் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்றேன். "ஏம் மாஸ்டாரு, பன்னெண்டு நாளு லேட்டா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். யாரையும் வெளியேற்ற வேண்டாம், ஒரு நாற்காலி கூடுதலாகப் போடலாம் என்று முடிவானது. அங்கிருந்து நேராக நகரிக்குப் பஸ் ஏறினேன்.

தறிக்கொட்டகை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். கேட்கவில்லை. மூன்றாம் முறை கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்த் தறிகள் நின்றன. "நான் செஞ்சது தப்பு" என்பது தெரு முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டில் இருவர் வெளியே வந்து பார்த்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"சாரி வேணாம் சார். பன்னண்டு நாள் பாடம் வேணும். அதைக் குடுப்பீங்களா?"

"காலைல ஒரு மணி நேரம் முன்னாடி வா. நான் எடுக்கிறேன்."

"அப்புறம் அந்தப் படத்தைப் போர்டுல நீங்களே போடணும். சி யாருன்னும் சொல்லணும். உங்க கேள்விய மறுபடி பார்த்தேன் சார், அனுபவப்பட்டவங்கதான் இப்படி எழுதுவாங்க."

போட்டேன். முப்பது பிள்ளைகள் முன்னால், சாய்வான இரட்டைக் கோட்டின் மேல்முனையில் நின்று "இது நான்" என்றேன். வகுப்பு மேசையைத் தட்டியது. பின் வரிசையில் ஒரு பையன், "சார், பொண்ணைப் பார்த்துட்டுத்தான் மண்டபம் புக் பண்ணீங்களா?" என்றான். "தொட்டில்லயே பார்த்துட்டேன்டா" என்றேன். அவள் மட்டும் படத்தைக் கோடு கோடாகச் சரிபார்த்துவிட்டு, கூடுதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு வகுப்பு. அவளைவிட முன்னதாக நான் போய்ச் சேர்ந்தது முதல் நாள் மட்டும்தான். நான் தாமதமாகப் போகும் நாளில் "பதிமூணாச்சு சார்" என்பாள். பாக்கி நாளில் ஒன்று கூடிவிட்டதாம்.

வங்கித் தேர்வின் இறுதிப் பட்டியல் வந்தபோது என் மனைவிதான் மேலிருந்து கீழே படித்தாள். எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. கடைசிக்குப் பக்கத்தில் நகரிப் பெண்ணின் எண் இருந்தது. இல்லாமல் போயிருந்தால், இதையெல்லாம் எழுத எனக்குத் துணிவு வந்திருக்காது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.