ஊதாமல் திரும்பிய கஜலக்சுமி

பேர்ண் நகரில் என்னோடு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்யும் கஜலக்சுமியின் தகப்பன் வயிற்றுப் புற்றால் போனவர். இவளுக்கும் வயிற்றில் அந்தப் புற்றை வரவைக்கக்கூடிய கிருமி. மருந்து குடித்து முடித்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கிருமி செத்ததா என்று பார்க்க மூச்சு ஊதும் சோதனை. இரண்டு கிழமைக்கு முன்பே வயிற்றெரிவுக்குப் போடும் குளிசையை நிறுத்தி, வெறும் வயிற்றோடு வந்தாள். நான்தான் கூட்டிப்போனேன்.

"வேறை குளிசை போட்டனீங்களோ, அக்கா?" என்றாள் தமிழ்த் தாதி.

"முந்தநாள் கோயில் மடைப்பள்ளியிலை நிக்கேக்கை வயிறு எரிஞ்சுது. அங்கை சமைக்கிற பரமேஸ்வரி அக்கா தன்ரை குளிசை ஒண்டு தந்தவா. அது வேறை பேர்."

"பேர்தான் வேறை, மருந்து அதே வகை. கிருமி அடங்கிக் கிடக்கும், அது இருந்தாலும் சோதனை இல்லையெண்டு காட்டும்."

"அப்ப மலத்திலை பாருங்கோவன்."

"அதுவும் அப்பிடித்தான் ஏமாத்தும்."



"எரியட்டும், இனி ஒரு குளிசையும் போடன். பொய்யா நல்ல சேதி எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, கஜலக்சுமி இரண்டு கிழமை கழித்துச் சோதனைக்கு வேறு நாள் கேட்டாள்.