மஞ்சள் பலகையில் வெறும் எண்

என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். அவருடைய கடிதங்களில் பட்டாளத் தபால் எண் மட்டும் இருக்கும். ஊரோ நாடோ இருக்காது. கைக்குழந்தையோடு அவரிடம் போக விண்ணப்பம் நிரப்பியபோது, அவர் இருக்கும் நாடு பிரான்ஸ் என்று நானாகவே எழுதினேன்.

அதைத் தூதரகத்தில் கொடுப்பதற்கு முந்தின நாள் ஒரு கலர் போட்டோ வந்தது. சாலையோரம் அவர் நிற்கிறார். பக்கத்தில் மஞ்சள் பலகை, அதில் கறுப்பில் வெறும் எண்.

"இன்னாடி இது, விழுப்புரம் ரோட்டு மைல்கல் மாதிரி மஞ்சளா கீது? இங்கியேதான் சுத்திகினு கீறானா?" என்றார் மாமியார்.

எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது. போட்டோவை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற பிரெஞ்சு சிப்பாயிடம் ஓடினேன்.

"பிரான்சுல பெரிய ரோட்டு நம்பரு செவப்புல வெள்ளையா இருக்கும்மா, முன்னாடி ஒரு எழுத்தும் இருக்கும். மஞ்சள்ல வெறும் நம்பருன்னா ஜெர்மனி. எங்க பட்டாளம் அங்கியும் கீது. உன் புருஷன் சொல்லலியா?"

சொல்லவில்லை. சாப்பாடு, குளிர், கால்வலி எல்லாம் எழுதியவருக்கு நாட்டின் பெயரை எழுத மட்டும் கை வரவில்லை.

ஒரு பலகையை நம்பி எழுதியதை அடிக்கலாமா என்று இரண்டு முறை பேனாவை மூடினேன். பிறகு பிரான்ஸை அடித்து ஜெர்மனி என்று எழுதினேன். அடித்தல் திருத்தலைப் பற்றிக் கேட்டால் காட்டுவதற்காக, போட்டோவையும் குண்டூசியால் சேர்த்துக் குத்தினேன்.