கூரைக்கு ஒரு ‘வேண்டும்’

அன்றைக்கு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. புரட்டாசி முடியப் போகிறது, மேகம் கூடிக்கொண்டே வருகிறது, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் மொழிபெயர்ப்புக் கடையில் ஒரு பெண் உட்கார்ந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புதுச்சேரி உழவர்கரையில் வாடகை வீடு, தையல் தொழில். மழை பெய்தால் அவளுடைய அம்மா படுக்கிற இடத்திலேயே தண்ணீர் சொட்டும், அம்மாவுக்கு ஆஸ்துமா. புது ஒப்பந்தத்தை வீட்டுக்காரரே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர், தெருவே அவரை ‘ஐயா’ என்பதற்குப் பதில் பிரெஞ்சில் ‘முசே’ என்றுதான் கூப்பிடும். இவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் தமிழ்ப் பிரதியும் எடுத்து, இரண்டிலும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

சிக்கல் ஒரே ஒரு பிரிவில். மழைக்கு முன் வீட்டுக்காரர் கூரையைப் பழுதுபார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஷல்’ (shall) போட்டிருந்தது. குடியிருப்பவர் முன்னறையில் தையல் மிஷின் வைத்துக்கொள்வதற்கு ‘மே’ (may). முன்னது கடமை, பின்னது அனுமதி. ‘பழுதுபார்க்க வேண்டும்’, ‘வைத்துக்கொள்ளலாம்’ என்று கணினியில் அடித்துப் படித்துக் காட்டினேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. “வேணும்னு போடாதீங்கக்கா. முசேவுக்கே உத்தரவு போடற மாரி இருக்கு, கோச்சிக்குவாரு. பழுதுபாக்கலாம்னு போட்டுடுங்க.”

“லாம்னு போட்டா, இஷ்டம் இருந்தா பாப்பாரு, இல்லன்னா இல்ல. புரியுதா?”

“அப்ப பாத்துத் தருவாருன்னு போடுங்க.”

“அது சேதி சொல்ற மாரி. கடமைன்னு நிக்காது.”

“அவரு நல்லவருக்கா. சொன்னா செய்வாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவருக்கு ‘வேண்டும்’ ஏன் கசக்கப் போகிறது? எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். திரும்பி வந்து, மூலத்தில் உள்ளதை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு, ‘வேண்டும்’ என்றே பிரதி எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முசே வந்தார். தமிழ்ப் பிரதியைப் படித்தார்.

“யாரும்மா எனக்கு ‘வேண்டும்’ போட்டது?”

“நீங்கதான் முசே. இங்கிலீஷ்ல ஷல்னு இருக்கு.”

ஆங்கிலப் பிரதியை வாங்கி உற்றுப் பார்த்தார். “பழசப் பாத்து எழுதனது, கவனிக்கல” என்றார். பேனாவை எடுத்து ‘ஷல்’லைக் கோடு போட்டு அடித்து, மேலே ‘மே’ என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். “இப்ப மாத்துங்க.”

மாற்றாமல் என்ன செய்வது? இப்போது மூலமே அதுதான். ‘பழுதுபார்க்கலாம்’ என்று அடித்து, காகிதத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினேன். அவள் கேட்ட அதே சொல்.

அந்த வரியைப் படித்தாள். அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“லாம்னு நான் கேட்டது மரியாதைக்கு, முசே. நீங்க நெஜமாவே போடறீங்க.” பேனாவை மேஜைமேல் வைத்தாள். “அம்மாவ வெச்சிக்கினு இன்னொரு மழைய அங்க தாங்க முடியாது. நான் வேற வீடு பாத்துக்கறேன்.”