மணல் படாத நெத்திலி

கல்யாணமாகி மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்துக்கு நான் வந்த புதிதில், நெத்திலியைக் கடற்கரை மணலில் கொட்டித்தான் காய வைப்பார்கள். எத்தனை தடவை அலசினாலும் குழம்பில் மணல் நறநறக்கும். செங்கல்பட்டுச் சந்தையில் வியாபாரிகள் அதைச் சொல்லியே விலையை அடிப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஓர் அக்கா. புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு எங்களோடு இருந்தவர். ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் சவுக்குக் கழிகளை நட்டு, கிழிந்த கரைவலையில் மீன் வந்து சேரும் மடியை, கண் நெருக்கமான அந்தப் பகுதியை, அதன்மேல் இழுத்துக் கட்டினார். மீனைக் கடல்தண்ணீரில் அலசி, கொஞ்சநேரம் உப்புத்தண்ணீரில் போட்டெடுத்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் அதில் பரப்பினார். மீனுக்குக் கட்டில் போடுகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அடியிலும் காற்று பட்டதால் மீன் சீக்கிரம் காய்ந்தது, வெள்ளிபோல நிறம் மாறாமல் இருந்தது. அதை வறுத்துத் தின்றபோதுகூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு விடியலில், முந்தின இரவு பெய்த எதிர்பாராத மழையில் கரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. அன்றைக்கென்று கரைவலையில் நெத்திலி வந்தது. ஊரே கூடி இழுத்தும் வலை நகரவில்லை. ஒருவழியாக மடி கரையேறியபோது, அலைக்கு மேலே வெளிச்சம் குவிந்து கிடப்பதுபோல இருந்தது. அவ்வளவு மீனை நான் பார்த்ததே இல்லை. ஆனால் சந்தோஷப்பட வழியில்லை. ஐஸ் இல்லை. பச்சை மீன் வாங்க வரும் வேன் பக்கத்துக் குப்பத்திலேயே நிறைந்துவிட்டது. ஈர மணலில் கொட்டினால் அன்று சாயங்காலமே நாறிவிடும்.

சிரித்தவர்களில் மூத்தவள் அக்காவிடம் வந்தாள். "இன்னா பண்றது, நீயே சொல்லுமே," என்றாள்.

"உங்க வூட்ல பழைய வல கெடக்குதா? எல்லாத்தையும் எடுத்துக்கினு வாங்க," என்றார் அக்கா.

ஆண்கள் தோப்பிலிருந்து கழி வெட்டிவந்து நட்டார்கள். பெண்கள் வலை கட்டினோம். மீனை அலசுகிறவர்கள், பரப்புகிறவர்கள், காக்காய் ஓட்டுகிறவர்கள் என்று வேலை தானாகப் பிரிந்தது. வெயில் ஏறும்போது நிமிர்ந்து பார்த்தேன். குப்பத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடுப்புயரத்தில் வெள்ளி விரிந்திருந்தது. கடல் ஒரு படி மேலேறி வந்து நிற்பதாகத் தோன்றியது. கையெல்லாம் மீன்செதிலோடு அப்படியே நின்றுவிட்டேன். கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

பனி படாமல் இரவில் ஓலைப்பாய் மூடி, பகலில் புரட்டிப்போட்டு, மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் வளைத்தால் படக்கென்று ஒடியும் பதத்துக்கு வந்தது.

செங்கல்பட்டில், வழக்கமாக எங்கள் விலையை அடிக்கும் வியாபாரி ஒருவர் ஒரு மீனை எடுத்து அப்படியே கடித்தார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். இது எந்த ஊர்ச் சரக்கு என்று, எங்களைத் தெரியாதவர்போலக் கேட்டார்.

"மணலு மணலுன்னு நீங்க வெலய அடிப்பீங்களே, அந்த ஊருதான், அண்ணாத்த," என்றார் அக்கா.

அந்தக் கழிகளை யாரும் பிடுங்கவில்லை. பெண்கள் பத்துப்பன்னிரண்டு பேர் சேர்ந்து, தரம் பிரித்து, சிறு பொட்டலமாகவும் கட்டி விற்கத் தொடங்கினோம். விலை பேச அக்காவைத்தான் முன்னே அனுப்புவோம். அவர் பேசுவதைப் பார்ப்பதற்கென்றே நானும் கூடப் போவேன்.