பதினோரு நாளுக்கு மட்டும் வெள்ளம்

எங்கள் பம்பு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கடிதம் எழுதுவது. எல்லோருக்கும் அவள் ஷரத்து அக்கா. கேன்டீனில் காபி ஆறிப்போயிருந்தால்கூட, "சூடா தருவோம்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்கிற ஆள். ஸ்டோர்கீப்பராகிய என்னிடம் ஒரு நட்டு வாங்கக்கூட மூன்று பிரதியில் சீட்டு கொடுப்பாள். அவளை நான் திட்டாத நாள் கிடையாது.

ஐந்தாம் தேதி காலை பட்டறைக்குள் முழங்கால் அளவு வெள்ளம் புகுந்தது. பம்புகளைச் சோதிக்கும் மேடையும் மோட்டார் காயவைக்கும் அடுப்பும் மூழ்கின. எங்கள் முதலாளி முதலில் செய்த காரியம், பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொண்டது. அதைக் காகித ஆலையின் கொள்முதல் அதிகாரிக்கு அனுப்பிவிட்டு, தாமதமெல்லாம் வெள்ளத்தால்தான் என்று போனிலும் புலம்பித் தீர்த்தார். அந்த ஆலைக்குத்தான் பன்னிரண்டு பம்புகள் இருபதாம் தேதி போக வேண்டும்.

பத்தாம் தேதி அக்கா ஒப்பந்தத்தோடு அவர் அறைக்குப் போனாள். சீட்டில் கையெழுத்து வாங்கப் போன நானும் அங்கே மாட்டிக்கொண்டேன்.

"சார், பதினேழாவது ஷரத்து. நம்ம கைமீறின சம்பவம் நடந்தா ஏழு நாளுக்குள்ள எழுத்துல, இந்த முகவரிக்கு அறிவிக்கணும். போனும் போட்டோவும் செல்லாது. இன்னியோட ஆறு நாள்."

"எழுதிடு. மொத்தம் பதினேழு நாள் தாமதம், எல்லாம் வெள்ளத்தால."

"வெள்ளத்தால பதினோரு நாள்தான் சார். ஆறு நாள் முன்னாடியே பின்தங்கிட்டோம். வார்ப்பு அச்சுல தப்பு பண்ணினது நாம. அந்தச் சம்பவத்தால வந்த தாமதத்துக்கு மட்டும்தான் அவகாசம்னு ஷரத்துல இருக்கு."

"வெள்ளம் வந்து சாட்சி சொல்லவா போகுது?"

"சொல்லாது. ஆனா அந்த ஆறு நாள் பொய்னு தெரிஞ்சா மீதி பதினோரு நாளையும் யாரும் நம்ப மாட்டாங்க."

முதலாளி பேனாவை மேசையில் போட்டார். "ஒப்பந்தத்துல அறிவிப்புக்குப் பொறுப்புன்னு உன் பதவியைத்தானே போட்டிருக்கு? உன் இஷ்டப்படியே எழுது. ஆனா ஆர்டர் போச்சுன்னா நீயும் போ."

அந்தப் பதவியைப் போட்டவரே அவர்தான். இந்தக் கடிதங்களோடு யார் மாரடிப்பது என்று அவள் தலையில் கட்டியிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் கால் உடைந்து நாலு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார், இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இது தெரிந்தும் அந்த மனுஷன் அப்படிச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன், எனக்கும் சம்பளம் வேண்டுமே.

அக்கா எழுதினாள். தண்ணீர் புகுந்த தேதி, வடிந்த தேதி, எந்தெந்த வேலை நின்றது, வேறொரு பட்டறையின் சோதனை மேடையை வாடகைக்குக் கேட்டிருப்பது. பதினோரு நாள் என்பது இன்றைய மதிப்பீடு, மாறினால் தெரிவிப்போம். கடைசியில் தனிப் பத்தி: முந்தைய ஆறு நாள் எங்கள் தவறு, அதற்கு இந்த ஷரத்தைக் கோரவில்லை. 'இயற்கையின் கோரத் தாண்டவம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "தாண்டவத்துக்குத் தேதி உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கூரியருக்குக் கிளம்பினாள். ரசீதைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

நாலு நாள் பதிலே இல்லை. ஐந்தாம் நாள் அவள் டம்ளர், மாற்றுக் கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

அன்று மதியம் ஆலையிலிருந்து போன். முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க போட்டோ பார்த்தேன் சார்," என்றார் கொள்முதல் அதிகாரி. "உங்களுக்குப் பின்னாடி ஒரு கரும்பலகை தெரியுது. 'நாலாம் தேதி, பன்னிரண்டு பம்பு, ஆறு நாள் பின்தங்கல்'னு."

தினமும் மேஸ்திரி எழுதும் பலகை அது.

"அதைப் பார்த்துட்டுத்தான் ஆர்டரையே ரத்து பண்ணலாம்னு இருந்தோம். அப்புறம் கடிதம் வந்துச்சு. அதுலயும் அதே ஆறு நாள். அதனால பதினோரு நாள் அவகாசம் தர்றோம். ஆறு நாளுக்கு ஒப்பந்தப்படி பில்லுல தாமதக் கழிவு பிடிப்போம். எழுத்துல அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு முதலாளி என் பக்கம் திரும்பினார். "அந்தப் பலகையை யாருய்யா அங்க மாட்டினது?"

"நீங்கதான் சார், போன வருஷம்," என்றேன்.

அக்கா தன் மேசைக்குப் போய்ப் பையை அவிழ்த்தாள். டம்ளரை எடுத்து மேசையில் வைத்தாள். "ரொம்பப் பயந்துட்டேன்டா," என்றாள், என்னிடம் மட்டும். செருப்பை மேசைக்கடியில் வைத்துவிட்டு முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சார், பட்டறை மறுபடி ஓட ஆரம்பிக்கிற தேதியைச் சொல்லுங்க. அதையும் எழுத்துல அறிவிக்கணும். இந்தத் தடவை போட்டோ வேண்டாம்."